பழைய கடிதமும் சிவப்பு எண்ணும்: புகைமூட்டத்தன்று போட்ட ஒரு கரோசல்

செராஸில் ஒரு டியூஷன் சென்டருக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படிப்பவர்களில் பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். அதனால் எங்கள் பதிவுகளைப் படிப்பவர்கள் பெற்றோர்கள்தான். ஊரில் ஏதாவது பரபரப்பாக ஓடும்போது அவர்கள் முதலில் எங்களிடம்தான் கேட்பார்கள். அப்படி வந்த ஒரு நாளில், விரலால் தள்ளிப் பார்க்கும் பல ஸ்லைடுகள் கொண்ட ஒரு கரோசல் பதிவு எப்படித் தயாரானது, எதைச் சரிபார்த்தோம், எந்தச் சொற்களை எடுத்துவிட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பக்கத்தை நடத்துபவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

2023 அக்டோபர் முதல் வாரம். கோலாலம்பூரில் புகைமூட்டம். காலையிலிருந்தே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒன்று, மலாயில் ஒரு கடிதம்: நாளை வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் மூடப்படும் என்று. இன்னொன்று, ஒரு வெளிநாட்டு காற்றுத்தர ஆப்பின் ஸ்கிரீன்ஷாட். கோலாலம்பூர் என்று போட்டு, 180-ஐ ஒட்டிய ஓர் எண், பின்னால் முழுச் சிவப்பு. "டீச்சர், இன்னைக்கு கிளாஸ் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் அடுத்த நிமிடம் இன்னும் நான்கு பேர் அதையே கேட்பார்கள். நான்கு மணிக்கு வகுப்பு. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "மத்த சென்டர்லாம் போஸ்ட் போட்டுட்டாங்கம்மா, நாமளும் சீக்கிரம் ஒண்ணு போட்டிரலாம்" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. அதுவரைக்கும் குழுவுல ஒரே ஒரு வரி மட்டும் போட்டு வைங்க." அந்த வரி: "நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு மணிக்குள் சொல்கிறோம்." இந்த ஒரு வரியால் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. அவசரம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, பதில் எப்போது வரும் என்று தெரியாத பதற்றம்தான்.

முதலில் கடிதம். அமைச்சின் சின்னம் இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருக்க வேண்டிய மேல் வலது மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தது. இப்படி வெட்டுப்பட்ட கடிதம் வந்தாலே நான் உடம்புப் பகுதியை வரிவரியாகப் படிப்பேன். உள்ளே "esok, Khamis" என்றிருந்தது. அதாவது நாளை வியாழக்கிழமை. அன்றோ செவ்வாய்க்கிழமை. நாளை புதன்தானே வரும்? ஆக இது இன்று எழுதிய கடிதம் இல்லை. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் மோசமாகி இந்த வட்டாரத்துப் பள்ளிகளை மூடிய நாட்கள் இருந்தன. அந்தக் காலத்துக் கடிதமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தைப் பதிவில் எழுத முடியாது. எழுத முடிந்தது இவ்வளவுதான்: கடிதத்தில் உள்ள கிழமை நாளைய கிழமையோடு பொருந்தவில்லை, அமைச்சின் பக்கத்திலும் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவின் பக்கத்திலும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை, எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இரண்டுக்கு ஃபோன் செய்து கேட்டதில் அலுவலகத்தில் அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள்.

இந்த மூன்றும் மூன்று வேறு வேறு வழிகள். ஒரே செய்தியை மூன்று பக்கங்களில் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது, ஏனென்றால் மூன்றும் ஒரே வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். Sebenarnya.my தளத்தையும் தேடினேன். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய சரிபார்ப்புத் தளம் அது. அங்கே இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்தத் தகவல் உண்மை என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அந்தச் சிவப்பு எண். இதுதான் உண்மையில் கடினமானது, ஏனென்றால் அந்த ஸ்கிரீன்ஷாட் போலி இல்லை. அன்றைக்கு எடுத்ததுதான். அந்த ஆப் காட்டிய எண்ணும் அதன் கணக்குப்படி சரியானதுதான். நம் சுற்றுச்சூழல் இலாகாவின் APIMS பக்கத்தில் செராஸ் நிலையம் காட்டியது 150-ஐச் சற்றே தாண்டிய எண். ஒரே ஊர், ஒரே நேரம், இரண்டு எண்கள். குழுவில் இருந்த சிலர் இதைப் பார்த்துவிட்டு, "அரசாங்கம் மறைக்குது" என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

காரணம் அளவுகோல். வெளிநாட்டு ஆப்புகள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலில் காட்டும். காற்றில் உள்ள நுண்துகளைக் கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளந்து, அதை ஒரு குறியீட்டு எண்ணாக மாற்றுகிறார்கள். அந்த மாற்றும் அட்டவணை அமெரிக்காவில் வேறு, மலேசியாவில் வேறு. உதாரணமாக 55 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க அளவில் அது 150-ஐத் தொடும். நம் ஊர்க் கணக்கில் அதே காற்று 100-க்குள்ளேயே நிற்கும். போதாததற்கு, நாம் ஐபியு என்று சொல்லும் நம் குறியீடு நுண்துகளுக்குக் கடந்த 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறது. பல ஆப்புகள் அந்த நேரத்துக் காற்றுக்கு நெருக்கமான எண்ணைக் காட்டுகின்றன. அதனால் புகை திடீரென்று ஏறும் நாளில் ஆப்பின் எண் முன்னால் ஓடும், ஐபியு பின்னால் மெதுவாக ஏறும்.

எண்ணைவிடப் பெரிய குழப்பம் நிறம். மலேசிய ஐபியுவில் 50 வரை நீலம், 100 வரை பச்சை, 101-லிருந்து 200 வரை மஞ்சள், 300 வரை ஆரஞ்சு, அதற்கு மேல்தான் சிவப்பு. அமெரிக்க அளவில் 150-ஐத் தாண்டினாலே சிவப்பு. நம் பெற்றோர்களுக்குச் சிவப்பு என்றால் 'berbahaya', அதாவது 300-க்கு மேல், அபாயம். 2013 ஜூனில் மூவாரில் 746 வரை போய் அவசரநிலை அறிவித்தது பலருக்கு இன்னும் மனதில் இருக்கிறது. ஆப்பின் 180 சிவப்பில் வந்ததும் அவர்கள் எண்ணைப் படிக்கவில்லை, நிறத்தைத்தான் படித்தார்கள். இதைக் கண்டுகொண்ட பிறகுதான் கரோசல் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது. அன்று நான் செய்த வடிவமைப்பு முடிவுகளில் முக்கியமானது, எங்கும் சிவப்பைப் பயன்படுத்தாமல் ஐபியுவின் அதே மஞ்சளைப் பின்னணியாக வைத்தது.

டீச்சர் எழுதி அனுப்பியிருந்த முதல் ஸ்லைடு வாசகம் இது: "அதிர்ச்சி! செராஸ் காற்று விஷம்! பள்ளி மூடல் செய்தி பொய்! நம்பாதீர்கள்!" அவர் பயமுறுத்த நினைக்கவில்லை. மற்ற பக்கங்களில் ஓடும் தொனியே கையில் வந்துவிட்டது. "டீச்சர், இதுல நாலு சங்கதி இருக்கு. ஒண்ணொண்ணா பார்க்கலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தோம்.

'விஷம்' என்பது அளவை மீறிய சொல். 150 என்றால் ஐபியுவின் பெயரீட்டில் 'tidak sihat', உடல்நலத்துக்கு உகந்ததல்ல. இலாகா சொல்லும் நிலையை நாம் ஏற்றியும் சொல்லக் கூடாது, இறக்கியும் சொல்லக் கூடாது. 'பொய்' என்ற சொல் அந்தக் கடிதத்தைக் குழுவில் முதலில் போட்ட அம்மாவைக் குத்தும். அவர் எங்கள் பிள்ளை ஒருவரின் அம்மா. கவலையில்தான் போட்டார். கடிதமும் போலி என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. இந்த வாரத்தது இல்லை என்றுதான் காட்ட முடிந்தது. ஆகவே 'நாளைக்கான கடிதம் அல்ல' என்று மாற்றினோம். 'நம்பாதீர்கள்' என்பது கட்டளை, அதை எடுத்துவிட்டோம். 'அதிர்ச்சி' தானாகவே போய்விட்டது.

'பயப்பட வேண்டாம்' என்று சேர்க்கலாமா என்று டீச்சர் கேட்டார். அதையும் வேண்டாம் என்றேன். ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருப்பவருக்கு அன்றைக்குப் பயம் நியாயமானது. முகம் தெரியாத ஒரு பக்கம் வந்து பயப்படாதே என்றால், தன் வீட்டு நிலைமை இவர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

இன்னொன்றும் பேசினோம். அந்த வாரம் இணையத்தில் இந்தோனேசியாவைத் திட்டும் பதிவுகள் ஏராளம். எங்கள் பிள்ளைகள் சிலரைச் சென்டரிலிருந்து கூட்டிப்போக வருபவர்கள் வீட்டு வேலைக்கு இருக்கும் இந்தோனேசிய அக்காக்கள். புகை எங்கிருந்து வந்தது என்பது பெற்றோர் கேட்ட கேள்வியே இல்லை. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

கடைசியில் ஐந்து ஸ்லைடுகள் தயாராயின.

முதல் ஸ்லைடில் கடிதத்தின் படத்தைப் போடவில்லை. தவறான தகவலை மறுக்க அதையே பெரிதாகக் காட்டினால், அவசரமாக விரல் தள்ளுபவர் கண்ணில் அந்தப் படம்தான் நிற்கும். அதனால் தெரிந்த உண்மையையே தலைப்பாக்கினோம்: "நாளை பள்ளி மூடல் என்று இதுவரை அறிவிப்பு இல்லை." அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: "குழுக்களில் வரும் கடிதத்தில் வியாழன் என்றிருக்கிறது. நாளை புதன்." இந்த இரண்டாவது வரிதான் அதிகம் வேலை செய்தது. யாரும் எங்களை நம்பத் தேவையில்லை, தங்கள் ஃபோனில் இருக்கும் கடிதத்தைத் திறந்து தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஸ்லைடில் செராஸ் நிலையத்தின் எண், அது எந்த நேரத்து எண், அந்த நிலைக்கு என்ன பெயர் என்பது மட்டும். கோலாலம்பூர் முழுவதற்கும் ஓர் எண் என்று கிடையாது. நகருக்குள் செராஸ், பத்து மூடா என்று தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. செந்தூலில் இருப்பவருக்குப் பத்து மூடா பக்கம், எங்கள் பிள்ளைகளுக்குச் செராஸ். அதே ஸ்லைடில் கல்வியமைச்சு அந்த நேரத்தில் சொல்லியிருந்த இரண்டு எல்லைகளையும் வைத்தோம்: 100-ஐத் தொட்டால் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும், 200-ஐத் தொட்டால் பள்ளி மூடப்படும். பிள்ளையின் பள்ளி இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பது இதைப் பார்த்தாலே புரியும்.

மூன்றாவது, ஆப்பின் சிவப்புக்கும் நம் மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம் என்பது. இதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. மைக்ரோகிராம் கணக்கையெல்லாம் ஸ்லைடில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஒன்று மலேசியா, ஒன்று அமெரிக்கா. இரண்டிலும் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு. கீழே ஒரே வாக்கியம்: "இரண்டு எண்களும் தவறில்லை, அளவுகோல் வேறு. பள்ளி முடிவுகள் மலேசிய எண்ணை வைத்துத்தான் எடுக்கப்படும்." அமெரிக்க அளவு தேவையில்லாமல் பயமுறுத்துகிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நுண்துகள் விஷயத்தில் அது கண்டிப்பானது, உலகச் சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வரம்போ வெறும் 15 மைக்ரோகிராம்தான். எந்த அளவுகோல் சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை.

நான்காவது, பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பது. டீச்சரின் வரைவில் "எல்லாப் பிள்ளைகளும் என்95 மாஸ்க் அணிய வேண்டும்" என்றிருந்தது. மருத்துவம் சம்பந்தப்பட்ட வரி எதையும் நான் சொந்தமாக எழுதுவதில்லை. ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு அந்த ஸ்லைடை மட்டும் அனுப்பினேன். "சின்னப் பிள்ளைக்குப் பெரியவங்க மாஸ்க் போட்டா ரெண்டு பக்கமும் இடைவெளி விழும்டி, அப்புறம் போட்டும் பிரயோஜனம் இல்ல. அதைவிட இன்ஹேலர் பையில இருக்கான்னு பார்க்கச் சொல்லு" என்றார். ஸ்லைடு அப்படியே மாறியது: இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளை அதைப் பையில் வைத்திருக்கட்டும், வகுப்புக்கு முன்பு கீழே விளையாட்டு இன்று வேண்டாம், சென்டரில் ஜன்னல்களை மூடி ஏர்கோன் போட்டிருப்போம், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும், அன்றைய பாடத்தை அனுப்பி வைக்கிறோம். இந்தக் கடைசி வரி டீச்சருடையது. மொத்தப் பதிவிலும் பெற்றோருக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஐந்தாவது, அடுத்து எங்கே பார்ப்பது: APIMS பக்கம், பள்ளியின் சொந்தக் குழு, எங்களிடமிருந்து மாலை ஆறு மணிக்கு இன்னொரு தகவல். "புதிய மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது" என்று வழக்கமாகக் கடைசி ஸ்லைடில் போடும் வரியை எடுத்துவிட்டோம். டீச்சருக்கு அதில் கொஞ்சம் தயக்கம்தான், இவ்வளவு பேர் பார்க்கும் பதிவாயிற்றே என்று. ஆனால் பிள்ளையின் மூச்சைப் பற்றிப் பேசிவிட்டு அடுத்த விரல் தள்ளலில் கட்டண விவரம் வந்தால், மேலே சொன்னது அத்தனையும் விளம்பரத்துக்காகச் சொன்னதாக ஆகிவிடும்.

தேதியும் நேரமும் எழுதுவதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பலர் அதை கேப்ஷனில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் ஸ்லைடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஐந்தில் ஒன்று மட்டும் போகும், கேப்ஷன் போகாது. நாளைக்கோ அடுத்த வருடத்துப் புகைமூட்டத்திலோ நம் ஸ்லைடே அந்தத் தேதியில்லாத கடிதம் போலச் சுற்றத் தொடங்கும். அதனால் ஐந்து ஸ்லைடுகளிலும் கீழே வருடத்தோடு முழுத் தேதி, நேரம், செராஸ் என்ற இடப்பெயர் மூன்றும் இருந்தன. அவற்றை ஓரத்தில் வைத்தால் சுலபமாக வெட்டிவிடலாம் என்பதால், அந்தந்த ஸ்லைடின் முக்கிய வாசகத்துக்கோ எண்ணுக்கோ நேர் கீழே அதே கட்டத்துக்குள் வைத்தேன். அதை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் வெட்ட முடியாது.

1080-க்கு 1350 அளவில் செய்தோம், நெட்டுவாக்கில் அதிக இடம் கிடைக்கும். தமிழுக்கு அந்த இடம் தேவை. "காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு" என்று முழுதாக எழுதினால் அதுவே இரண்டு வரி பிடிக்கும். அதனால் ஒருமுறை மட்டும் முழுப்பெயர், அதன் பிறகு ஐபியு. எக்ஸ்போர்ட் செய்த படத்தை ஃபோனில் திறந்து ஒருமுறை படித்துப் பார்ப்பதும் அவசியம். சில ஃபான்ட்களில் ஒகர, ஓகாரக் கொம்புகள் இடம் மாறி விழும். கணினியில் சரியாக இருந்தது படத்தில் உடைந்திருக்கும்.

பதிவேற்றுவதற்கு முன் APIMS பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். மணிக்கொரு முறை எண் மாறும். நாங்கள் எழுதத் தொடங்கியபோது இருந்த எண் ஓரிரண்டு புள்ளி நகர்ந்திருந்தது. இரண்டாவது ஸ்லைடை மட்டும் மாற்றி, இரண்டு மணிக்குச் சற்று முன்பாகப் போட்டோம். இன்ஸ்டாகிராமில் போட்ட கரோசலில் கேப்ஷனைத் திருத்தலாம், ஒரு ஸ்லைடை நீக்கவும் செய்யலாம். ஆனால் ஒரு படத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. எனவே மாறக்கூடிய எண்ணை ஒரே ஒரு ஸ்லைடில் அடக்கி வைப்பது நல்லது. ஐந்திலும் எண்ணைத் தூவியிருந்தால், ஒன்று பழசானதும் முழுப் பதிவும் பழசாகிவிடும்.

போட்ட பிறகு ஒருவர் எழுதினார்: "வெளியே கட்டடமே தெரியல, இவங்க 150-ன்னு சொல்றாங்க." நியாயமான கேள்வி. 24 மணி நேரச் சராசரி என்பதை அங்கேயே விளக்கினோம்: நேற்று மதியம் ஓரளவு நன்றாக இருந்த காற்றும் இந்த எண்ணுக்குள் சேர்ந்திருக்கிறது, அதனால் கண்ணில் தெரிவது எண்ணைவிட மோசமாக இருந்தால் கண்ணை நம்பிப் பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பதிலையே பின் செய்து மேலே வைத்தோம்.

மாலை ஆறு மணிக்குச் சொன்னபடி மறுபடி பார்த்தோம். பள்ளி மூடல் அறிவிப்பு அப்போதும் இல்லை. புது கரோசல் செய்யவில்லை. ஸ்டோரியில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம், புது எண், புது நேரம், கேப்ஷனின் முதல் வரியில் அதே தகவல். மூடல் அறிவிப்பு வந்திருந்தால் முதல் ஸ்லைடு அந்த நிமிடமே தவறாகியிருக்கும். அதற்கென்று, பழைய பதிவை நீக்கிவிட்டுப் போட வேண்டிய மாற்றுப் பதிவின் வாசகத்தையும் முன்கூட்டியே எழுதி டீச்சரிடம் கொடுத்திருந்தேன். தேவைப்படவில்லை. ஆனாலும் இப்போது ஒவ்வொரு அவசரப் பதிவுக்கும் அதை எழுதி வைக்கிறோம்.

பிறகு மழை பெய்த நாளில் எதிர்ப்பக்கக் கேள்வி வந்தது. வானம் தெளிந்துவிட்டது, எண் ஏன் இன்னும் 100-க்கு மேல் இருக்கிறது, பிள்ளை ஏன் பள்ளியில் விளையாடக் கூடாது என்று. காரணம் அதே சராசரிதான், இந்த முறை இறங்கும்போது பின்தங்குகிறது. மூன்றாவது ஸ்லைடோடு "மழைக்குப் பிறகு எண் இறங்கச் சில மணி நேரம் ஆகும்" என்ற வரியைச் சேர்த்து ஒரு வார்ப்புருவாக வைத்திருக்கிறோம். அடுத்த புகைமூட்டத்தில் எண், தேதி, நேரம், நிலையத்தின் பெயர் நான்கையும் நிரப்பி, கல்வியமைச்சின் அப்போதைய எல்லைகள் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.